டீசல் காரில் காயில் லைட் மினுக்கினால் உடனே ஹீட்டர் பிளக்கை மாற்றிவிடாதீர்கள்: நான் 13,800 ரூபாய் கொடுத்த கதை

ஊட்டியில் இருக்கிறேன். என் கார் ஜெர்மன் கம்பெனி டீசல். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை வண்டி எடுப்பவர்களுக்குக் கண்ணாடியில் உறைபனி படிந்திருப்பதும், சாவியைத் திருப்பியதும் மீட்டரில் மஞ்சளாகச் சுருள் போல ஒரு லைட் எரிவதும் பழகிய விஷயம். அதுதான் காயில் லைட். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் எரிபொருள் பற்ற வேண்டும். இரவெல்லாம் சில்லிட்ட எஞ்சினில் அந்தச் சூடு போதாது. அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கிளோ பிளக், நம் மெக்கானிக்குகள் சொல்லும் ஹீட்டர் பிளக், சில நொடிகள் கனன்று உள்ளே சூடேற்றும். லைட் அணைந்ததும் செல்ஃப் அடிக்க வேண்டும். என் வண்டியில் குளிர் நாளில் நாலைந்து நொடி எரியும், மதியத்தில் எரிந்த மாதிரியே தெரியாது.

அன்று காலை ஐந்தரைக்கு வழக்கம்போல லைட் அணையக் காத்திருந்து செல்ஃப் அடித்தேன். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. புகை இல்லை, நடுக்கம் இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும். குன்னூர் தாண்டி மலை இறங்கும்போது அதே காயில் லைட் மினுக்க ஆரம்பித்தது. நிலையாக எரியவில்லை, விட்டுவிட்டு அடித்தது. வண்டி ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

கோவையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் சொல்லப்போவதில்லை. மேற்பார்வையாளர் மீட்டரைப் பார்த்த மாத்திரத்தில், "ஹீட்டர் பிளக் போயிடுச்சு சார், குளிர் ஊர்ல ஓட்டுறீங்கல்ல" என்றார். காயில் லைட்தானே, காயில்தான் போயிருக்கும் என்று எனக்கும் பட்டது. நாலு பிளக், ஒரு ரிலே, ஸ்கேனிங், கூலி எல்லாம் சேர்த்து 13,800. ஒரு பிளக் இறுகிப்போயிருந்தது என்று அதற்குத் தனிக் கூலி. லைட் அணைந்திருந்தது. பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் இறங்கும்போது பர்லியார் பக்கத்தில் மறுபடி மினுக்கல். போன் செய்தால், "அப்ப கண்ட்ரோல் யூனிட்தான் சார், 18,000 ஆகும்" என்றார்கள்.

நல்ல வேளை, டீக்கடையில் நிறுத்தினேன். எனக்குப் பின்னாலேயே வந்த ஒரு பிக்கப் டிரைவர் இறங்கி வந்து, "அண்ணா, உங்க பிரேக் லைட் எரியவே இல்லையே, ரெண்டு வளைவுல மோதப் பார்த்தேன்" என்றார். அந்தப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. முந்தின நாளும் அப்படித்தான் குடும்பத்தோடு இறங்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஸ்கேனர் மாட்டினார். வந்தது ஒரே ஒரு பழுதுக் கோட்: P0571. பிரேக் சுவிட்சின் சிக்னல் சரியில்லை என்று அர்த்தம். பெடலுக்கு மேலே கையை விட்டுக் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் சுவிட்ச் ஒன்றைத் திருகி எடுத்தார். சில மாடல்களில் இது பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் இருக்குமாம். உள்ளே இரண்டு தொடர்புகள்: ஒன்று பின்னால் சிவப்பு விளக்கை எரிக்கும், இன்னொன்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பிரேக் மிதித்ததைச் சொல்லும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று மிதித்தாயிற்று என்றும் மற்றது மிதிக்கவில்லை என்றும் சொன்னால் எச்சரிக்கை கொடுக்கும். அந்த எச்சரிக்கைக்குக் கார் கம்பெனி வைத்திருக்கும் விளக்குதான் காயில் லைட். சுவிட்ச் 850, கூலி 200. பிரேக் லைட்டும் வந்தது, மினுக்கலும் நின்றது.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி டீசல்களில் இந்த லைட்டுக்கு இரண்டு வேலை. ஸ்டார்ட் செய்வதற்கு முன் நிலையாக எரிந்தால் பிளக் சூடாகிறது. ஓடும்போது மினுக்கினால் எஞ்சின் கட்டுப்பாட்டில் ஏதோ பழுது. பிரேக் சுவிட்ச் அதில் அடிக்கடி வருவது, ஆனால் அது ஒன்றுதான் என்று இல்லை. டர்போ, சென்சார் பழுதுக்கும் மினுக்கலாம். மினுக்கலோடு வண்டி இழுக்காமலும் போனால் விரட்டாமல் மெதுவாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேறு கம்பெனி வண்டிகளில் அர்த்தம் மாறலாம், அதற்கு வண்டியோடு வந்த புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே ஹீட்டர் பிளக் போனால் குளிர்ந்த எஞ்சினில்தான் தெரியும். செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கும், பிடித்ததும் திக்கித் திக்கி ஓடும், டீசல் வாசனையோடு வெள்ளைப் புகை வரும், கொஞ்சம் சூடானதும் எல்லாம் அடங்கிவிடும். மதியம் எடுத்தால் ஒன்றுமே தெரியாது. என் வண்டி உறைபனியில் ஒரே சுற்றில் பிடித்தது என்று சொன்னேனே, அந்த ஒரு விஷயத்தை மேற்பார்வையாளர் கேட்டிருந்தால் போதும். கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய பிளக்குகளை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் 0.2 ஓம் காட்டியது, அது வயரின் கணக்கு. பிறகு ஒரு முனையைப் பிளக்கின் மேல் நுனியிலும் மற்றதைத் திருகுமறை உடம்பிலும் வைத்தேன். 0.8, 0.9, 0.8, 0.9. வயரைக் கழித்தால் நாலும் ஒரு ஓமுக்குக் கீழே. போன பிளக் என்றால் உள்ளே கம்பி அறுந்து, மீட்டர் எதுவும் காட்டாது. நாலுமே நல்ல பிளக். பேட்டரியில் நேரடியாக வைத்துச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். புது வண்டிகளின் பிளக் பல 12 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதில்லை, எரிந்துபோகும்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது அந்த இறுகிய பிளக். தேவையில்லாமல் அதைத் திருகி எடுக்கும்போது முறிந்திருந்தால் முனை சிலிண்டர் ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும், ஹெட்டையே கழற்ற வேண்டி வந்திருக்கும்.

பில்லில் ஸ்கேனிங்குக்கு 750 போட்டிருந்தார்களே, அந்தத் தாளைக் கொடுங்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். ஒரு மணி நேரம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். முதல் நாள் தேதி, அதே P0571 ஒன்றுதான். பிளக்குகளுக்கான P0671 முதல் P0674 வரை எதுவும் அதில் இல்லை. அந்தக் கோட் நம்பரைப் பார்த்துவிட்டு, பிரேக் லைட் எரியாத வண்டியில் நாலு பிளக்கை மாற்றி, ஸ்கேனரில் அந்த நம்பரை அழித்து, மலை ஏற அனுப்பியிருக்கிறார்கள். அழித்ததால்தான் லைட் ஒரு நாள் அணைந்திருந்தது.

உங்கள் வண்டியில் மினுக்கினால் முதலில் இருட்டில் சுவர் ஓரமாகப் பின்பக்கத்தை வைத்துப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். சுவரில் சிவப்பு விழ வேண்டும், காலை எடுத்ததும் போக வேண்டும். மேலே நடுவில் இருக்கும் விளக்கையும் ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்கேன் தாளைக் கையில் வாங்காமல் எந்த வேலைக்கும் சரி என்று சொல்லாதீர்கள்.

பணம் திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். ஐந்து லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. பில், ஸ்கேன் தாள், அந்த நாலு பிளக், மூன்றும் ஒரு கவரில் தயாராக இருக்கின்றன.