"நோட்டட் சார்"னு ரிப்ளை வந்தா ஆர்டர் ஓகேன்னு நினைச்சிடாதீங்க, 2000 பெட்டி போச்சு எனக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க. சப்ளையருக்கு மெயில்ல ஆர்டர் மாத்தி சொல்றவங்க யாரா இருந்தாலும் படிச்சிடுங்க. பாதி தப்பு அவங்க மேல, பாதி என் மேல, ஆனா காசு போனது முழுசா என்னோடது.

நாங்க பாட்டில் பேக் பண்ண அட்டைப்பெட்டி வாங்குறோம். பீஓல, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர்ல, தெளிவா போட்டிருந்தோம்: உள்ளளவு 300 x 200 x 150 மில்லிமீட்டர், 3 ப்ளை அதாவது மூணு அடுக்கு அட்டை, மேல் ஃப்ளாப்ல லோகோ பிரிண்ட், 2000 பெட்டி. பீஓ போன பிறகு பாட்டில் மாறிடுச்சு. பழசு 145 உயரம், புதுசு 160, கனமும் கூட. அப்போ பெட்டி உயரம் ஏறணும், அட்டையும் ஸ்ட்ராங்கா வேணும், லோகோவ வேற ஸ்டிக்கரா ஒட்டிக்கலாம்னு முடிவு பண்ணோம். நான் அனுப்புன மெயில் இது, வெக்கத்த விட்டு அப்படியே போடுறேன்:

"சார், பாட்டில் சைஸ் மாறிட்டதால பெட்டி உயரம் 165 பண்ணிடுங்க, வெயிட்டும் ஜாஸ்தி அதனால 5 ப்ளை போட்டா நல்லா இருக்கும்னு நினைக்கிறோம், மேல லோகோ வேண்டாம், மத்ததெல்லாம் போன்ல பேசுனபடி, சீக்கிரம் அனுப்பினா உதவியா இருக்கும்."

அரை மணி நேரத்துல பதில், "நோட்டட் சார்." அவ்ளோதான். நானும் நிம்மதியா வேற வேலைய பாக்க போயிட்டேன்.

லோடு வந்துச்சு. ஒரு பெட்டிய பிரிச்சு பாட்டில வச்சா, பாட்டில் கழுத்து மேல் மடிப்புக் கோட்டுக்கு 7 மில்லிமீட்டர் வெளிய நிக்குது, ஃப்ளாப் மூடவே மாட்டேங்குது. அட்டையோட வெட்டு முனைய பாத்தேன், உள்ள ஒரே ஒரு வளைவு வரிசைதான், அதாவது 3 ப்ளை. 5 ப்ளைனா ரெண்டு வரிசை தெரியணும். லோகோவ மட்டும் நான் சொன்னபடி போடாம விட்டிருந்தாங்க.

போன் பண்ணா அவர் கூலா சொல்றார், "165 கேட்டீங்க, 165 கொடுத்திருக்கோம், டேப் வச்சு அளந்து பாருங்க சார்." அளந்தா வெளிய 165 இருக்கு! பெட்டி வாங்கி பழக்கம் இல்லாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். மேலயும் கீழயும் ஃப்ளாப் மடிஞ்சு ரெண்டு ரெண்டு அட்டை ஒன்னுமேல ஒன்னு உக்காரும், அதனால உயரத்துல மட்டும் நாலு அட்டை தடிமன் போயிடும். 3 மில்லிமீட்டர் அட்டைனா 12 போச்சு, உள்ள மிஞ்சுறது 153 தான். 160 பாட்டில் எப்படி நிக்கும்?

"பழைய பீஓல உள்ளளவுன்னு இருக்கே சார்"னு கேட்டேன். "புது மெயில்ல அந்த வார்த்தை இல்லையே, நாங்க கடைசி மெயில் படி ஜாப் கார்டு போட்டோம்." அஞ்சு ப்ளை? "போட்டா நல்லா இருக்கும்னு நினைக்கிறோம்னு எழுதிருக்கீங்க, போடச் சொல்லலையே." சரின்னு பில்ல எடுத்து பாத்தா சைஸ் மாத்துனதுக்குன்னு ரேட்ட மட்டும் ஏத்திருக்காங்க, அந்த மாத்தம் மட்டும் நல்லா நோட் ஆகியிருக்கு! திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க, மெயில எங்க ஆடிட்டர்கிட்ட காட்டினா அவரும் "இதுல நீங்க என்ன கேட்டீங்கன்னு எனக்கே புரியல"ன்னார். அங்க வாய அடைச்சுப் போச்சு.

அப்புறம்தான் யோசிச்சேன். என் மெயில படிச்சது சேல்ஸ் ஆளு. அவர் அதுல இருந்து பொறுக்கி ஜாப் கார்டுல எழுதுறார், மெஷின்ல நிக்கிறவர் அந்த கார்டத்தான் பாக்கறார், மெயில பாக்கவே மாட்டார். பத்தியா எழுதினா பொறுக்குறப்போ எது ஆர்டர் எது ஆசைன்னு அவர்தான் முடிவு பண்றார். நம்பர் போட்டா பொறுக்க ஒன்னுமே இல்ல, நாலு நம்பர்னா கார்டுல நாலு வரி, ஒன்னு விட்டா விட்டது தெரியும். அதவிட பெருசு, நம்பர் போட்டு எழுத உக்காந்தா "நினைக்கிறோம்" மாதிரி வார்த்தை நம்மளுக்கே வராது, வந்தா அசிங்கமா தெரியும்.

வேற சப்ளையர்கிட்ட அதே பெட்டிக்கு முதல்ல பழைய பீஓவே கொடுத்து, அப்புறம் மாத்தத்த இப்படி அனுப்பினேன்:

"பீஓல மாத்தம்:
1. உயரம்: பழசு 150, புதுசு 165 மி.மீ. இது உள்ளளவு.
2. அட்டை: பழசு 3 ப்ளை, புதுசு 5 ப்ளை.
3. மேல் ஃப்ளாப் லோகோ: வேண்டாம். பெட்டில எங்கயும் பிரிண்ட் இல்ல.
4. மாறாதது: உள் நீளம் 300, உள் அகலம் 200, எண்ணிக்கை 2000.
ஒவ்வொரு நம்பருக்கும் நேரா நீங்க போடப்போற அளவ நீங்களே எழுதி பதில் அனுப்புங்க. அந்த பதில் வந்து நாங்க சரின்னு சொன்ன பிறகுதான் அட்டை வெட்டணும்."

கடைசி ரெண்டு வரிதான் உயிர். "கன்ஃபர்ம் பண்ணுங்க"ன்னு மட்டும் கேட்டா மறுபடி "நோட்டட்"தான் வரும், அதுல அவர் மெயில படிச்சாருன்னு கூட தெரியாது. அளவ அவரே டைப் பண்ணணும்னா யோசிச்சுத்தான் ஆகணும். வந்த பதில பாருங்க: "1. உள்ள 165, வெளிய 189 வரும், பரவாயில்லையா? 2. 5 ப்ளை, தடிமன் 6 மி.மீ. 3. பிரிண்ட் இல்ல. 4. ஓகே."

அந்த 189 பாத்ததும் பகீர்னுச்சு. பழைய பாட்டிலுக்கான 150 உயரப் பெட்டி வெளிய 162, பேலட்ல 7 அடுக்கு வைப்போம், 1134 வரும். எங்க ரேக்ல 1200 தான் இடம். புதுசு 7 அடுக்குனா 1323, உள்ளயே போகாது. 6 அடுக்குன்னு முன்னாடியே மாத்தி பிளான் பண்ணிட்டோம். இத நான் கேக்கவே இல்ல, முதல் நம்பருக்கு எதிர்ல அவர் கணக்கு போட்டதால வெளிய வந்துச்சு.

இன்னொன்னு, நடுவுல இன்னொரு மாத்தம் வந்தா நம்பர புதுசா ஆரம்பிக்காதீங்க. நான் அடுத்தத 5னு போட்டேன், ரத்தான பாயிண்ட்டயும் அழிக்காம "3. ரத்து"ன்னு விட்டுடுவேன். இல்லன்னா போன்ல "ரெண்டாவது பாயிண்ட்"னு நீங்க ஒன்ன சொல்ல அவர் வேற மெயிலோட ரெண்டாவத பாத்துட்டு இருப்பார். போன்ல பேசினதையும் அன்னிக்கே நம்பரா மெயில்ல போட்டுடணும், "பேசுனபடி"ன்னு எழுதினா யார் பேசினது ஞாபகம் இருக்கு?

அதுக்காக இது மந்திரம் இல்ல. நானே 165க்கு பதிலா 156னு டைப் பண்ணிருந்தா அவரும் அழகா 156னு திருப்பி எழுதி அனுப்பிருப்பார். அதனால வந்த பதில என் மெயிலோட ஒப்பிடாம, கையில பாட்டில வச்சு அளந்து ஒப்பிடறேன்.

தப்பா வந்த அந்த 2000 பெட்டி இன்னும் குடோன்லதான் கெடக்கு. உள் உயரம் 153, 3 ப்ளை, பிரிண்ட் இல்ல. யாருக்காவது ஆகும்னா சொல்லுங்க, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி அளவ நீங்களே எழுதி அனுப்பணும்.