சித்தியின் விசா கோப்பில் என் கையெழுத்து

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். கனடாவுக்கு வந்து எங்களோடு ஆறு வாரம் தங்க ஆசைப்பட்ட சித்தி, விசா வேலையை ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தார். மறுநாள் அனுப்பப்போகும் கோப்பை ஒரு பார்வை பார் என்று என்னிடம் நீட்டினார். முதல் தாளே நான் எழுதியதாக ஓர் அழைப்புக் கடிதம். எழுதியதோ நானில்லை.

என்னை மேலாளர் ஆக்கியிருந்தார்கள். நான் கிடங்குக் கணக்காளன். வீட்டில் இரண்டு பேர் என்றிருந்தது. நாங்கள் நான்கு பேர். கடிதத்தின் இரண்டு தாள்களிலும் இருந்த என் கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தின. ஒருவர் இரண்டு முறை போட்டால் அப்படிப் பொருந்தாது. சித்தி கொடுத்த என் பாஸ்போர்ட் நகலிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தம்பி, யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார் முகவர். பார்ப்பவர்களிடம் என் குடும்ப விவரம் ஏற்கெனவே இருக்கிறது; நான் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்ததுதான். மோசடி என்று முடிவானால் சித்திக்கு 5 ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை. முகவர் செய்தது தனக்குத் தெரியாது என்று சித்தி சொல்லித் தப்புவது கடினம், ஏனென்றால் விண்ணப்பம் சித்தியின் பெயரில் போகிறது.

அன்றிரவே ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். சித்தியின் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, எங்கள் உறவு, வரும் காரணம், தங்கும் நாட்கள், திரும்பும் தேதி, யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்பது. பிறகு என் பிறந்த தேதி, முகவரி, வேலை, வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கை. டிக்கெட்டைச் சித்தி தன் சேமிப்பில் எடுக்கிறார், அதை அப்படியே எழுதினேன். எல்லாச் செலவும் என்னுடையது என்று வீராப்பாக எழுதினால் வங்கிக் கணக்கு அதைத் தாங்க வேண்டுமே!

கடிதத்துக்குத் துணையாக என் நிரந்தர வசிப்புரிமை அட்டையின் நகல், நிறுவனத்தின் பணிச் சான்று, சம்பளச் சீட்டுகள், வருமான வரித் துறை அனுப்பிய ஆண்டு மதிப்பீட்டு அறிவிப்பு, வங்கி அறிக்கை. உறவுக்கு அம்மா, சித்தி இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள்; இரண்டிலும் பெற்றோர் பெயர் ஒன்றே. என் பிறப்புச் சான்றிதழ் அம்மாவையும் என்னையும் இணைக்கிறது.

இவ்வளவும் என் பக்கத்துக் கதைதான். அழைப்பவர் எத்தனை தாள் அடுக்கினாலும், சித்தி திரும்பி வருவார் என்பதை அவருடைய தாள்கள்தான் சொல்ல வேண்டும். ஓய்வூதியப் புத்தகம், வீட்டுப் பத்திரம், ஊரிலேயே இருக்கும் சித்தப்பாவின் மருத்துவச் சீட்டு என்று அவர் அலமாரியிலிருந்தே எல்லாம் கிடைத்தன. முகவர் அதில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

கோப்பைத் திருப்பி வாங்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. விண்ணப்பத்தில் இருந்த மின்னஞ்சல் முகவருடையது; தூதரகம் எது கேட்டாலும் சித்திக்குத் தெரிந்திருக்காது. முன்பணம் திரும்ப வரவில்லை. சித்தி தன் பெயரில் புதிய மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.