ஆன்ஸ்கோ பட்டியலா, எச்.ஆர். கடிதமா, சொந்த வார்த்தையா? ஏ.சி.எஸ். மதிப்பீட்டுக்கு வேலை விவரம் எழுதும் வழிகள்

ஆஸ்திரேலியாவுக்கு ஸ்கில்டு விசாவில் போக நினைக்கும் ஐ.டி. ஆட்கள் முதலில் தாண்ட வேண்டியது ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டியின், அதாவது ஏ.சி.எஸ்.ஸின் மதிப்பீட்டை. அங்கே யாரும் நேர்காணல் வைப்பதில்லை. பட்டச் சான்றிதழ், மார்க் ஷீட், வேலை பார்த்த கம்பெனிகளின் ரெஃபரன்ஸ் கடிதம், சம்பளம் வாங்கியதற்கான சான்று ஆகிய காகிதங்களைப் படித்துத்தான், நீங்கள் கேட்கும் தொழில் குறியீட்டுக்கு உங்கள் வேலை பொருந்துகிறதா என்று அசெஸ்ஸர் முடிவு செய்கிறார். பதவிப் பெயர் பெரிதாகக் கை கொடுக்காது. நம் ஊர்ப் பெரிய கம்பெனிகளில் டெஸ்டிங் பார்ப்பவரும் 'சிஸ்டம் இன்ஜினியர்', கோடு எழுதுபவரும் 'சிஸ்டம் இன்ஜினியர்', ராத்திரி ஷிஃப்டில் டிக்கெட் பார்ப்பவரும் அதே 'சிஸ்டம் இன்ஜினியர்'. மூவரையும் பிரித்துக் காட்டுவது கடிதத்தில் உள்ள பணி விவரம் ஒன்றுதான்.

அதை எழுத மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆன்ஸ்கோ என்ற தொழில் வகைப்பாட்டில் உள்ள பணிப் பட்டியலை அப்படியே எடுத்து லெட்டர்ஹெட்டில் போடுவது ஒன்று. எச்.ஆர். தரும் வழக்கமான எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரை வைத்துக்கொண்டு, பணி விவரத்தை ரெஸ்யூமேயில் விளக்கமாக எழுதுவது இன்னொன்று. செய்த வேலையைச் சொந்த வார்த்தையில் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவது மூன்றாவது.

முதல் வழியைத்தான் அதிகம் பேர் எடுக்கிறார்கள். அசெஸ்ஸர் கையில் ஆன்ஸ்கோ இருக்கிறது, கடிதத்திலும் அதே வரிகள் இருந்தால் சுலபமாகப் பொருந்திவிடும் என்ற கணக்கு. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மென்பொருள் தொழில்கள் 2613 என்ற ஒரே பிரிவுக்குள் வருகின்றன: அனலிஸ்ட் புரோகிராமர் 261311, டெவலப்பர் புரோகிராமர் 261312, சாஃப்ட்வேர் இன்ஜினியர் 261313, சாஃப்ட்வேர் டெஸ்டர் 261314. அந்தப் பணிப் பட்டியல் இந்தப் பிரிவு முழுவதற்கும் பொது. தேவைகளை ஆராய்வது, கோடு எழுதிப் பராமரிப்பது, பிழை திருத்துவது, ஆவணம் எழுதுவது என்று போகும். அதை வரி பிசகாமல் காப்பி அடித்தாலும் நீங்கள் 313-ஆ, 312-ஆ, 314-ஆ என்பது தெரியாது. அவற்றைப் பிரிப்பது ஒவ்வொரு குறியீட்டுக்கும் கீழே இருக்கும் ஓரிரு வரி விளக்கம். டெவலப்பர் புரோகிராமரின் விளக்கம், ஸ்பெசிஃபிகேஷனையும் டெக்னிக்கல் டிசைனையும் படித்துப் புரிந்து கோடு கட்டுவதில் தொடங்குகிறது. சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு வடிவமைப்பதுதான் முதல் வேலை. உருவாக்குவது, மாற்றுவது, ஆவணப்படுத்துவது, சோதிப்பது, நிறுவுவது, சப்போர்ட் செய்வது எல்லாம் அதற்குப் பிறகு வருகின்றன. அனலிஸ்ட் புரோகிராமர் என்றால் பயனரின் தேவையை ஆராய்ந்து எழுதுவதும் அவர் பொறுப்பு. டெஸ்டருக்கு டெஸ்ட் பிளான், டெஸ்ட் கேஸ், ரிக்ரெஷன், டிஃபெக்ட் ரிப்போர்ட்.

காப்பி அடித்த கடிதம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இரண்டு கம்பெனிகளின் கடிதத்தில் ஒரே ஐந்து வரி, ஒரே வரிசையில் இருந்தால் எழுதியது மேனேஜர் இல்லை என்று யாருக்கும் புரியும். வேறொரு அடையாளமும் உண்டு. அந்தப் பட்டியலில் மென்பொருள் வாங்குவதற்கான செலவுக் கணக்கைப் பார்த்து ஆலோசனை சொல்வதும் ஒரு பணி. இரண்டு வருட அனுபவத்தில் இருந்தவரின் கடிதத்தில் அது இருந்தால், மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும்.

இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எச்.ஆர். கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, 'நன்னடத்தை திருப்தி' இருக்கும். வேலை என்ன என்பது இருக்காது. ரெஸ்யூமே நீங்களே எழுதியது, அதற்குச் சாட்சி கிடையாது. வேலை பார்த்த காலத்தை நிரூபிக்க இந்தக் கடிதம் துணையாக உதவும், அவ்வளவுதான்.

மூன்றாவது வழிதான் சரி என்பது என் கட்சி. ஆனால் சொந்த வார்த்தை என்றதும் சிலர் புராஜெக்ட் வரலாறு எழுதிவிடுகிறார்கள். எந்த வங்கி, எத்தனை பேர் குழு, எந்த ஃபிரேம்வொர்க், எந்த வெர்ஷன் என்று ஒரு பக்கம் ஓடும்; அந்த ஆள் என்ன செய்தார் என்பது மட்டும் வராது. ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம். கடிதத்தில் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே தமிழில் தருகிறேன்.

ஒன்று: "ஜாவா, ஸ்பிரிங் பூட், ஆரக்கிள் பயன்படுத்தி கடன் செயலி புராஜெக்ட்டில் பணியாற்றினார். அஜைல் முறையில் குழுவுடன் இணைந்து செயல்பட்டார்."

இன்னொன்று: "கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் சேவையை வடிவமைத்தார், டேபிள்களையும் ஏ.பி.ஐ.களையும் வரையறுத்து டிசைன் ஆவணம் எழுதினார். அதற்கான ஜாவா கோடை எழுதி யூனிட் டெஸ்ட் செய்தார். வெளியான பிறகு வந்த பிழைகளின் காரணம் கண்டு கோடைத் திருத்தினார். வேலை நேரத்தில் சுமார் 40 சதவீதம் டிசைனுக்கும் 45 சதவீதம் கோடிங்குக்கும் மீதி சப்போர்ட்டுக்கும் சென்றது."

முதலாவதில் 'பணியாற்றினார்', 'செயல்பட்டார்' என்ற வினைகளை எந்தக் குறியீட்டோடும் சேர்க்க முடியாது. டெஸ்டருக்கும் அதே வரி பொருந்தும். இரண்டாவதில் ஒவ்வொரு வினையும் 261313-இன் விளக்கத்தில் ஏதோ ஒன்றைத் தொடுகிறது. ஆனால் வார்த்தை ஆன்ஸ்கோவுடையது இல்லை, நடந்த வேலையுடையது. சதவீதம் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் போடச் சொல்வேன், ஏனென்றால் டிசைன் என்பது எப்போதோ ஒருமுறை செய்ததா, அன்றாட வேலையா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். ஒரு பொறுப்புக்கு இப்படி ஐந்தாறு வரி போதும்.

இதிலிருந்தே வரிசையும் வருகிறது. குறியீட்டை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப எழுதாதீர்கள். முதலில் வேலையை எழுதுங்கள், அப்புறம் நான்கு விளக்கங்களையும் பக்கத்தில் வைத்து எது நெருக்கம் என்று பாருங்கள். அடுத்தவர் கொடுத்த டிசைனை வைத்துக் கோடு எழுதியதுதான் பெரும்பகுதி என்றால் 261312 எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. நிறைய பேர் 313-ஐக் கௌரவம் என்று நினைக்கிறார்கள். விசாவுக்கான பாயிண்ட்ஸ் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

அடுத்து, ஒரே கம்பெனியில் பொறுப்பு மாறியிருந்தால் மொத்தமாக எழுதுவதா, பிரித்து எழுதுவதா? இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். உதாரணத்துக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த ஒருவர் ஜூன் 2015 முதல் டிசம்பர் 2024 வரை சென்னையில் ஒரே கம்பெனியில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மே 2017 வரை பேட்ச் ஜாப்களைக் கண்காணித்து, டிக்கெட்டை உரிய குழுவுக்கு மாற்றிவிடும் வேலை. ஜூன் 2017 முதல் டெவலப்மென்ட். 2021 முதல் டிசைனும் சேர்ந்தது.

ஒன்பதரை வருடத்தையும் ஒரே பத்தியில் எழுதினால், அதில் டிக்கெட் வரிகளும் இருக்கும், டிசைன் வரிகளும் இருக்கும். எது எப்போது என்று பிரிக்க அசெஸ்ஸருக்கு வழியில்லை. ஆரம்ப வேலை பிற்கால வேலையின் மதிப்பையும் கீழே இழுக்கும். ஆகவே மூன்று காலத்தையும் நாள், மாதம், வருடத்தோடு தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அந்தக் காலத்தின் வேலையை மட்டும் எழுத வேண்டும். சப்போர்ட் என்றாலே கழித்துவிடுவார்கள் என்றும் பயப்பட வேண்டாம். 261313-இன் விளக்கத்திலேயே சப்போர்ட் இருக்கிறது. கோடைத் திறந்து திருத்தினீர்களா, டிக்கெட்டை நகர்த்தினீர்களா என்பதுதான் வித்தியாசம்.

முதல் இரண்டு வருடத்தையும் டெவலப்மென்ட் என்று எழுதிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். நெருங்கிய தொடர்புள்ள ஐ.டி. பட்டம் இருந்தால், தொடர்புள்ள அனுபவத்தில் முதல் இரண்டு வருடத்தை ஏ.சி.எஸ். வழக்கமாகத் தகுதி பெறும் காலமாகக் கழித்துவிடும். உண்மையை எழுதினால் தொடர்புள்ள அனுபவம் ஜூன் 2017-இல் தொடங்கும், மே 2019 வரை கழியும், மீதி 5 வருடம் 7 மாதம். பொய் எழுதி அது தப்பிவிட்டால் மே 2017 வரை கழியும், மீதி 7 வருடம் 7 மாதம். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பெற்ற அனுபவத்துக்கு விசாக் கணக்கில் 3 வருடம் என்றால் 5 பாயிண்ட், 5 வருடம் என்றால் 10, 8 வருடம் என்றால் 15. இரண்டு கணக்கிலும் கிடைப்பது அதே 10. விசாக் கட்டத்தில் ஆஸ்திரேலிய உள்துறை அதிகாரிகள் கம்பெனியைத் தொடர்புகொண்டு சரிபார்க்கவும் செய்யலாம். அப்போது பழைய மேனேஜர் வேறு மாதிரி சொன்னால் கதை கந்தல்.

கடைசியாக, கையெழுத்து போடுவது யார்? லெட்டர்ஹெட்டில் மேனேஜரோ எச்.ஆரோ போட்டால் மிக நல்லது. வேலை பார்த்த நாடு, முழு நேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கையெழுத்திட்டவரின் பதவி, தொடர்பு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறைவான வேலை கணக்கில் வராது. ஆனால் பல பெரிய கம்பெனிகள் பணி விவரம் தருவதே இல்லை, அது கொள்கை என்று சொல்லிவிடுவார்கள். அப்போது கூட வேலை பார்த்த ஒருவர், முடிந்தால் உங்களுக்கு மேலே இருந்தவர், நோட்டரி முன்னால் கையெழுத்திட்டுத் தரும் அஃபிடவிட் மாற்று வழி. உங்களைப் பற்றி நீங்களே சத்தியம் செய்து தருவது எடுபடாது. அவருக்கும் உங்களுக்கும் வேலையில் என்ன உறவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உங்கள் வேலையை நேரில் பார்த்தார் என்று அதில் எழுத வேண்டும். அவர் 2019-இல் சேர்ந்திருந்தால் 2017-இன் வேலைக்கு அவர் சாட்சியாக முடியாது; அந்தக் காலத்துக்கு வேறொருவரைத்தான் பிடிக்க வேண்டும். அஃபிடவிட்டோடு எச்.ஆரின் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றைச் சேர்த்து, எல்லாவற்றிலும் தேதியும் பதவியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வேலையை விடப்போகிறவர்கள் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாமல், மேனேஜர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கும்போதே கடிதத்தின் வரைவைக் காட்டிவிடுவது நல்லது. பணி விவரத்தில் அவர் அடித்துத் திருத்தும் வரிகள்தான், நாளை யாராவது ஃபோனில் கேட்டால் அவர் வாயில் வரப்போகும் வரிகள்.