லேட்டக்ஸா, சிலிக்கானா? வீட்டில் யூரின் டியூபோடு இருப்பவருக்கு எது சரி

புராஸ்டேட் அடைப்புக்காக மாதக்கணக்கில் டியூப் வைத்திருக்கும் முதியவருக்குப் பெரும்பாலும் முதலில் போடப்படுவது மஞ்சள் நிற லேட்டக்ஸ் டியூப்தான். விலை குறைவு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். சிலிக்கான் பூச்சு உள்ள லேட்டக்ஸை ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முழு சிலிக்கான் டியூப் பல மடங்கு விலை. ஆனால் பன்னிரண்டு வாரம் வரை வைக்கலாம். லேட்டக்ஸ் அலர்ஜி இருப்பவருக்கு யோசிக்கவே வேண்டாம், சிலிக்கான்தான்.

டியூப் அடைபடுவதில்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். சிலிக்கானின் சுவர் மெல்லியது. அதனால் இரண்டுமே 16 சைஸ் என்றாலும் சிலிக்கானில் உள்துளை பெரிது, அடைபட நேரம் பிடிக்கும். ஆனால் அடைக்கவே அடைக்காது என்று நம்பிவிடக் கூடாது. புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கும். அப்போது உப்புகள் படிகமாகி எந்த டியூபிலும் படியும். கழற்றிய டியூபின் நுனியைக் கையுறையோடு உருட்டிப் பாருங்கள். மணல் போல நறநறத்தால் அதுதான் காரணம். உதாரணமாக, ஒருவருக்குத் தொடர்ந்து மூன்று டியூப் 20ஆம் நாளை ஒட்டி அடைத்தது என்றால், நான்கு வாரம் காத்திருக்காமல் 15ஆம் நாளிலேயே மாற்ற நர்ஸிடம் கேட்கலாம். இதற்காகவே மாற்றிய தேதியையும் அடைத்த தேதியையும் நோட்டில் எழுதச் சொல்கிறேன். இப்படி அடிக்கடி அடைப்பவருக்கு என் தேர்வு சிலிக்கான். அடைப்பே இல்லாதவருக்கு லேட்டக்ஸ் போதும்.

சிலிக்கானுக்கும் ஒரு குறை உண்டு. டியூபை மூத்திரப்பைக்குள் பிடித்து நிறுத்தும் பலூனிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்லக் கசியும்; பலூன் சுருங்கினால் டியூப் நழுவி வெளியே வரலாம். வீட்டில் நாமே தண்ணீர் ஏற்றக் கூடாது, நர்ஸ் பார்க்கட்டும்.

டியூபைச் சுற்றித் துணி நனைந்தால் பெரிய சைஸ் டியூப் கேட்காதீர்கள். அடைப்பு, மலச்சிக்கல், மூத்திரப்பை இறுக்கிப் பிடிப்பது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, ஆள் அதன்மேல் படுத்திருக்கிறாரா, சிறுநீர் சேரும் பை நிரம்பிவிட்டதா, அது இடுப்புக்கு மேலே தொங்குகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று மணி நேரமாகப் பையில் சிறுநீர் சேரவில்லை, அடிவயிறு கல்லாக இருக்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிரிஞ்சால் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டாம்.

தொற்று விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாதம் கடந்தால் எந்த டியூபிலும் கிருமி இருக்கும். அதனால் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. டியூப் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, பையைத் தரையில் படாமல் மூத்திரப்பைக்குக் கீழே தொங்கவிட்டு, முக்கால்வாசி நிரம்பும் முன் காலி செய்தால் போதும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, முதியவருக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். பழைய டியூபை மாற்றிவிட்டு, புதியதிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள்.