சந்தா உயர்வைக் கூட்டத்தில் சொல்லும்போது: காரணம் முதலிலா, தொகை முதலிலா?

மதுரையில் வாடகைக் கூடத்தில் இரண்டு ஆடுகளங்களோடு இயங்கும் ஓர் இறகுப்பந்து மன்றத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். உறுப்பினர்கள் 48 பேர். மாதச் சந்தாவை உயர்த்துவதாக அவர்கள் முன் நின்று வாயால் சொல்லும் வேலை எனக்கு இரண்டு முறை வாய்த்தது. 2022இல் காரணங்களை அடுக்கிவிட்டுத் தொகையைக் கடைசியில் சொன்னேன். 2025 மார்ச்சில் தொகையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுக் கணக்குக்குப் போனேன். இரண்டாவது முறையே மேல் என்பது என் கட்சி. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டே ஒப்பிடுகிறேன்.

எந்த முறையில் பேசினாலும் மாறாத சில உண்டு. கூட்டத்துக்கு முறைப்படி முன்னறிவிப்பு வேண்டும். பதிவு செய்த சங்கமாக இருந்து, சந்தாத் தொகை துணைவிதியிலேயே எழுதப்பட்டிருந்தால், சாதாரணத் தீர்மானம் போதாது, துணைவிதித் திருத்தமாகவே கொண்டுவர வேண்டும். இவற்றில் ஒப்பிட ஒன்றுமில்லை.

காரணத்தை முதலில் சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. செலவு கூடியதை உறுப்பினர்கள் படிப்படியாகப் புரிந்துகொண்டால், கடைசியில் வரும் தொகை அவர்களே கண்டடைந்த முடிவுபோல் இருக்கும் என்று நம்பித்தான் 2022இல் அப்படிப் பேசினேன். கூட வாடகையில் தொடங்கி, மின்கட்டணத்துக்கு வந்து, காவலர் சம்பளத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் கையை உயர்த்தினார். "தம்பி, சுத்தி வளைக்காம எவ்வளவுன்னு சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். 450 ரூபாய் 600 ஆகிறது என்றதும், அதுவரை நான் சொன்ன எல்லாவற்றுக்கும் மறுபடியும் விளக்கம் கேட்டார்கள். முதல் ஏழெட்டு நிமிடங்களில் ஒருவர்கூடக் கணக்கைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு கேட்கப்போகிறானோ என்று ஆளுக்கொரு தொகையை ஊகித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இரண்டு முறைகளையும் பிரிப்பது இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தொகை தெரியாதவரைக்கும் ஒவ்வொரு காரணமும் சாக்காகவே காதில் விழுகிறது. தொகை தெரிந்த பிறகு அதே காரணம் சரிபார்க்கத்தக்க கணக்காகிவிடுகிறது. பேசுகிறவருக்கும் இதில் வேறுபாடு உண்டு. தொகையைப் பின்னால் வைத்திருக்கும்போது நம்மை அறியாமலே குரலில் வக்காலத்து ஏறிவிடும். 2022இல் நானே "ஒரு நாளைக்கு ஐந்தாறு ரூபாய்தானே" என்று சொல்லித் தொலைத்தேன். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர், தன் பணம் பெரிதா சிறிதா என்று தானே முடிவு செய்துகொள்வதாக அமைதியாகச் சொன்னார். அவர் சொன்னது சரி.

2025இல் கணக்கு இப்படி நின்றது. சந்தாவில் மாதம் 28,800 ரூபாய் வந்தது. செலவு 28,400இலிருந்து 37,600க்குப் போயிருந்தது. மாதம் சுமார் 130 பந்துகள், அதாவது பன்னிரண்டு பந்து கொண்ட பெட்டி பதினொன்று தேவைப்படுகிறது. பெட்டி 1,000 ரூபாயிலிருந்து 1,600 ஆனதில் மட்டும் 6,600 ரூபாய் கூடியது. ஒரு பந்துக்குப் பதினாறு இறகுகள், அவையும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும் வாத்து இறகுகள் என்பதால், அங்கே இறகுக்குத் தட்டுப்பாடு வந்தால் இங்கே பெட்டி விலை ஏறிவிடுகிறது. வாடகையும் காவலர் சம்பளமும் தலா 1,000 ரூபாய், மின்சாரம் 600 ரூபாய் என்று மீதி கூடியிருந்தது. மாதம் 8,800 ரூபாய் துண்டு விழ, ஆடுகள விரிப்பை மாற்றுவதற்காகச் சேர்த்த வைப்பிலிருந்து ஐந்து மாதங்களில் 44,000 ரூபாய் எடுத்திருந்தோம்.

எழுந்து நின்று நான் சொன்ன முதல் வாக்கியங்கள் இவைதான்: "வரும் ஏப்ரல் முதல் மாதச் சந்தாவை 600 ரூபாயிலிருந்து 800 ரூபாயாக உயர்த்தலாம் என்று நிர்வாகக் குழு உங்கள் முன் வைக்கிறது. கூடுகிற 200 ரூபாயில் ஏறக்குறைய 138 ரூபாய் பந்துக்கும், 42 ரூபாய் வாடகைக்கும் காவலருக்கும், 12 ரூபாய் மின்சாரத்துக்கும் போகும். மிச்சம் எட்டு ரூபாய் விரிப்பு வைப்புக்குத் திரும்பும்." அத்தோடு நிறுத்திவிட்டேன். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது, நாற்காலிகள் நகர்ந்தன. அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே கணக்குத் தாளைக் கொடுத்தேன். முன்பே கொடுத்திருந்தால் எல்லோரும் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வைப்பிலிருந்து எடுத்ததையும், இரண்டாவது மாதமே பொதுக்குழுவைக் கூட்டாதது எங்கள் தவறு என்பதையும், யாரும் கேட்பதற்கு முன் ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அந்தத் தாமதத்துக்குக் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அது தனி வழக்காகியிருக்கும்.

முதலில் வந்த கேள்வி, நைலான் பந்துக்கு மாறினால் என்ன என்பது. மடக்கும் கேள்விதான், ஏனென்றால் எங்கள் கணக்கில் நைலானுக்கு மாறினால் 600 ரூபாயே போதும். "வேறு வழியே இல்லை" என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே பொய்யனாகியிருப்பேன். உயர்வு தேவைப்படுவது இறகுப் பந்தில் தொடர்ந்து ஆட வேண்டும் என்பதற்காக மட்டுமே என்று ஒப்புக்கொண்டேன். நைலான் நீடித்து உழைக்கும், ஆனால் அடித்தபின் அதன் வேகம் இறகுப் பந்தைப் போல் குறைவதில்லை, ஓட்டமே வேறு. காலைக் குழு அதை ஏற்கவில்லை. மாலைக் குழுவில் சிலருக்கு விருப்பம் இருந்தது. வந்திருந்த 34 பேரில் 29 பேர் 800 ரூபாய்க்குக் கை உயர்த்தினர். மாலையில் ஓர் ஆடுகளத்தை மட்டும் நைலானுக்கு விட்டுச் சந்தாவைக் குறைக்கலாமா என்பதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். பழைய முறையில் பேசியிருந்தால் இதே கேள்வி, நிர்வாகம் எதையோ மறைக்கிறது என்ற குற்றச்சாட்டாக வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் இரண்டே கூட்டங்களின் அனுபவம். எங்கள் மன்றத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஐந்தாறு மாதமாகப் பந்து விலையைக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். முந்நூறு பேர் உள்ள மன்றத்தில், செலவு எதற்கென்றே தெரியாத கூட்டத்தின் முன் வெறும் தொகையை வைத்தால் அந்த முதல் முணுமுணுப்பு அடங்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே ஓரிரு வாக்கியம் முன்னுரை தேவைப்படலாம்.

இன்னொரு குறையை நேரிலேயே கண்டேன். தொகையைச் சபையில் எடுத்த எடுப்பில் சொன்னதால், 200 ரூபாய் உண்மையிலேயே பாரமாக இருந்த இருவர் அங்கே வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, காலணி மாட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மற்றவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். இருவருக்கும் செப்டம்பர் வரை பழைய சந்தாவே என்று குழு முடிவு செய்தது. அப்படி ஓர் இடம் உண்டு, செயலாளரிடம் தனியாகச் சொன்னால் போதும் என்பதை முதல் வாக்கியங்களோடு சேர்த்தே நான் சொல்லியிருக்க வேண்டும்.