மொத்த விலையா, மணிக்கணக்கா, தவணையா: வெப்சைட் வேலைக்கு எது கட்டுப்படியாகும்?

தனியாளாக வெப்சைட் செய்து கொடுக்கும் வேலையில் விலை பேச மூன்று வழிகள் உண்டு. வேலை முழுவதற்கும் ஒரே தொகை, மணிக்கு இவ்வளவு என்ற கணக்கு, ஒரே தொகையைத் தவணைகளாகப் பிரித்து மாற்றங்களுக்குத் தனி விலை வைப்பது. மூன்றிலும் வேலை செய்திருக்கிறேன். இப்போது புது ஆட்களிடம் மூன்றாவதைத் தவிர வேறு பேசுவதில்லை. ஏன் என்று சொல்ல முதல் வழியில் நான் பட்டதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி. எட்டுப் பக்க வெப்சைட், 60,000 ரூபாய். பாதி அட்வான்ஸ், மீதி "வேலை முடிந்ததும்". 50 மணி நேரம் ஆகும், மணிக்கு 1,200 கிடைக்கும் என்பது என் மனக்கணக்கு. இரண்டாவது வாரம் போன் வந்தது: "ஏனுங்க தம்பி, அப்படியே தமிழ்லயும் ஒண்ணு போட்டுடலாங்களா?" சின்ன வேலைதானே என்று சரி சொன்னேன். அப்புறம் 140 சேலைகளின் படங்களை அளவு வெட்டி ஏற்றும் வேலை வந்தது. பிறகு அவர் மச்சானுக்கு நிறம் பிடிக்கவில்லை என்று முகப்பை மூன்று முறை மாற்றினேன். மொத்தம் 96 மணி நேரம். மணிக்கு 625 ரூபாய்தான் விழுந்தது.

அதுகூடப் பரவாயில்லை. நான் மாட்டிக்கொண்டது "முடிந்ததும்" என்ற அந்த ஒரு சொல்லில். என் பங்கு வேலை முடிந்து சைட் தயாராக இருந்தது. ஆனால் கடையின் படங்களும் "எங்களைப் பற்றி" எழுத்தும் அவரிடமிருந்து வரவேண்டும். தீபாவளி வியாபாரம், அடுத்து கல்யாண சீசன் என்று நான்கு மாதம் போயிற்று. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. சைட் ஓடத் தொடங்காமல் மீதி 30,000 தருவது நியாயமில்லை என்று நினைத்தார். நாங்கள் பேசியபடி பார்த்தால் அது சரியும்கூட. வேலை முடிந்ததா என்று சொல்லும் உரிமையை நானே அவர் கையில் கொடுத்திருந்தேன்.

மணிக்கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. கேட்பதெல்லாம் செய்யலாம், மணி ஓடும். ஒரு வெளிநாட்டு ஏஜென்சிக்கு எட்டு மாதம் அப்படிச் செய்தேன், வாராவாரம் பணம் வந்தது. ஆனால் உள்ளூரில் இது கொத்தனாரை நாள் சம்பளத்துக்கு வைப்பது போல. வேலை இழுக்கப்படுகிறது என்ற சந்தேகம் வீட்டுக்காரருக்கு இருந்துகொண்டே இருக்கும். "ஒரு பட்டனை நகர்த்த இரண்டு மணி நேரமா?" என்று கேட்டால் விளக்கவே அரை மணி போகும், அதை பில்லில் போடவும் முடியாது. கை வேகமாக வேகமாக வருமானம் குறைவது இன்னொரு கூத்து.

சரி, மூன்றாவது வழி. போன வருடம் ஒரு பல் மருத்துவமனைக்குச் செய்தது. முதல் கொட்டேஷன் ஒன்பது பக்கத்துக்கு 81,000. டாக்டர் அதிகம் என்றார். விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைத்தேன்: பக்கத்துக்கு 4,500 வீதம் இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டால் 72,000. எதை எடுப்பது என்று அவரே சொன்னார். அதே ஒன்பது பக்கத்தை 72,000-க்கு ஒத்துக்கொண்டிருந்தால், முதலில் சொன்னது ஊதிய விலை என்று நானே காட்டிக்கொடுத்ததாக ஆகியிருக்கும்.

ஒப்பந்தம் ஒரே தாள்தான். ஏழு பக்கங்களின் பெயர்கள். பக்கத்துக்கு இரண்டு சுற்றுத் திருத்தம். எழுத்தும் படமும் பத்து நாளுக்குள் அவர்கள் தர வேண்டும். எது இதில் அடங்காது என்ற பட்டியல்: தமிழ்ப் பதிப்பு, எழுதித் தருவது, ஆன்லைன் புக்கிங், டொமைன் வாடகை. இந்த "அடங்காது" பட்டியல் அடங்குவதன் பட்டியலைவிட அதிகம் உதவியது. ஜவுளிக்கடையில் வாங்கிய அடி ஒவ்வொன்றும் அதில் ஒரு வரி.

தவணைகளில்தான் அதிக நேரம் செலவழித்தேன். அட்வான்ஸ் 28,800. முகப்பு வடிவம் சரி என்றதும் 21,600. கடைசி 21,600-க்கு "முடிந்ததும்" என்று எழுதவில்லை. சோதனை முகவரியில் ஏழு பக்கங்களையும் காட்டிய நாளிலிருந்து ஏழு நாளுக்குள் தர வேண்டும், பணம் வந்தபின் சொந்த டொமைனில் ஏறும் என்று எழுதினேன். அவர்கள் படம் தரத் தாமதமானால் அந்த இடத்தில் மாதிரிப் படம் வைத்துக் காட்டுவேன், நாள் கணக்கு ஓடும். அப்படியே ஆயிற்று. இரண்டு பக்கங்களில் மாதிரிப் படம்தான் இருந்தது, ஆனால் ஆறாம் நாள் பணம் வந்துவிட்டது. 19,440 மட்டும் வந்ததைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அவர்கள் ஆடிட்டர் என் வருமான வரிக்காக 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தார். அது வருமான வரித்துறை இணையதளத்தில் நம் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கூடுதல் வேலை இங்கேயும் வந்தது. நடுவில் ஆன்லைன் புக்கிங் வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லவில்லை. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "செய்யலாம் டாக்டர். நம் தாளில் இது இல்லை. 14,000 ஆகும், ஆறு நாள் கூடும். இப்போதே சேர்க்கவா, சைட் ஓடத் தொடங்கியபின் பார்க்கலாமா?" மறுநாள் பதில்: "அப்புறம் பார்க்கலாம், இப்போதைக்கு போன் நம்பர் போதும்." மொத்தம் ஐந்து கேட்டார், விலை தெரிந்தபின் இரண்டைத்தான் எடுத்தார். அந்த இரண்டுக்கும் பணம் கொடுத்தார். ஜவுளிக்கடைக்காரரிடமும் விலை சொல்லியிருந்தால் பாதியை அவரே வேண்டாம் என்றிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. பத்து நிமிடத்தில் முடிகிற மாற்றத்துக்கு நான் காசு கேட்பதில்லை. ஆனால் பில்லில் ஒரு வரி போட்டு எதிரே பூஜ்யம் எழுதுவேன். மூன்று பூஜ்யம் சேர்ந்தால் அவர்களுக்கே கண்ணில் படும்.

பணம் இழுத்தடிப்பவர்களுக்குச் சட்டத்திலும் ஒரு பிடி உண்டு. நம்முடையது அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த சிறு தொழிலாக இருந்தால், எழுத்தில் கெடு இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. கெடு எழுதாவிட்டால் 15 நாள். தாண்டினால் வட்டி உண்டு. அதோடு, பணம் தரும்வரை அதை அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்பதால் அவர்கள் ஆடிட்டரே நெருக்குவார். என் உத்யம் எண்ணை பில்லில் அச்சடிக்கிறேன். அதனால்தான் பணம் சீக்கிரம் வருகிறதா என்று அடித்துச் சொல்ல மாட்டேன், புகார் கொடுக்கும் அளவுக்கு இதுவரை நான் போனதில்லை.

மாதச் சம்பளம் போல நிலையான தொகை வாங்கிப் பராமரிப்பதை ஒரே ஒருவரிடம் ஏழு மாதம்தான் செய்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கவனித்தேன்: மாதம் எட்டு மணி என்று பேசிவிட்டு, மிச்ச மணி அடுத்த மாதத்துக்குப் போகுமா என்று எழுதாமல் விட்டேன். ஐந்தாம் மாதம் அவர் 19 மணி நேரம் பாக்கி இருக்கிறது என்று கணக்கோடு வந்தார்.