படத்தில் ஜாங்கிரி, பெட்டியில் ஜிலேபி: பலகாரம் ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். கடைப் பெயரை எழுதப்போவதில்லை.

போன மாதம் மாமியாரின் எழுபதாவது பிறந்தநாள். அத்தைக்குக் கோதுமை ஆகாது, மைதாவும் கோதுமைதான் என்பதால் அதையும் தொடுவதில்லை. ஜாங்கிரி உளுந்தில் செய்வது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். வட இந்தியர்கள் இமர்தி என்று சொல்வதும் இதைத்தான். ஒரு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அழகான ஜாங்கிரி இருந்தது. அறுபது உருப்படி, ஒன்று இரண்டு வெள்ளி. 120 வெள்ளியையும் முன்பணமாகவே பேங்கில் போட்டேன்.

பெட்டி வந்ததும் திறந்து பார்த்தேன். ஆரஞ்சு நிறம், பளபளப்பு, பாகு சொட்டியது. ஆனால் வடிவம் உறுத்தியது. அத்தைக்குக் கொடுக்கும் முன் ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே வெறும் குழல், அதற்குள் பாகு. மைதா ஜிலேபி! அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

போன் போட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்கா, பேருதான் வேற" என்றார். நம் ஊரில் ஜாங்கிரியையும் ஜிலேபி என்றே பலர் சொல்கிறார்கள், அது உண்மை. ஆனால் நான் பெயரைப் பார்த்து வாங்கவில்லை, அவர் அனுப்பிய படத்தைப் பார்த்து வாங்கினேன்.

படத்தில் முதலில் நடுப்பகுதியைப் பாருங்கள். ஜாங்கிரி பிழிபவர் துணியில் போட்ட ஓட்டை வழியாக எண்ணெயில் முதலில் ஒரு வளையம் போடுவார், சிலர் இரண்டு போடுவார்கள். பிறகு அந்த வளையத்தின் மேலேயே சின்னச் சின்னச் சுழிகளாகச் சுற்றி வருவார். அதனால் நடுவில் வட்டமான துளையும் ஓரத்தில் பூவிதழ் போன்ற வரிசையும் தெரியும். ஜிலேபி அப்படியில்லை. நடுவில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டே வரும், குறுக்கே ஓரிரு இழை ஓடும், முடிந்த வால் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இழையின் தடிமனும் இடத்துக்கு இடம் மாறும்.

இந்த வித்தியாசம் மாவில் இருந்து வருவது. ஊறவைத்த உளுந்தைத் தண்ணீர் அதிகம் விடாமல் பொங்கப் பொங்க அரைத்தால், ஒரு துளியைத் தண்ணீரில் போட்டாலும் மிதக்கும். அந்த மாவு பிழிந்த இடத்தில் நிற்கும், இதழும் கலையாது. ஜிலேபிக்கு மைதாவைத் தயிரோடு கரைத்துப் புளிக்க வைப்பார்கள். அது ஓடுகிற மாவு. அதில் இதழ் போட முயன்றால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகிவிடும். எனக்கு வந்த அறுபதில் சிலவற்றில் அப்படி முயன்ற அடையாளம் இருந்தது, ஓரம் முழுக்கப் பரவிப்போயிருந்தது.

நிறத்தை நம்பாதீர்கள். இரண்டுக்கும் கேசரிப் பவுடர் போடுகிறார்கள், போன் கேமராவும் சிவப்பை ஏற்றிக் காட்டும். கரும்பழுப்பாகத் தடித்து இருந்தால் கருகியது என்று நினைக்க வேண்டாம், கோவா கலந்த ஜிலேபியாக இருக்கலாம். நிறத்தைவிட மேற்பரப்பு உதவும். ஜிலேபியின் இழை கண்ணாடி போல ஒளி ஊடுருவும், ஜாங்கிரி பருத்து, ஒளி புகாமல் இருக்கும். அதே தட்டில் பாதுஷா இருந்தாலும் குழப்பிக்கொள்ள வழியில்லை. நடுவில் குழி விழுந்த வட்டம், மேலே வெள்ளையாக உறைந்த சர்க்கரை.

உடைத்த துண்டின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜாங்கிரியின் உள்பக்கம் பஞ்சு போல இருக்கும், பாகு முழுக்க ஊறியிருக்கும். ஜிலேபியில் குழல் தெரியும்.

ஆனால் எந்தப் படமும் மாவில் என்ன கலந்தார்கள் என்று காட்டாது. உளுந்தோடு கொஞ்சம் அரிசி மாவோ சோள மாவோ சேர்ப்பவர்கள் உண்டு, மைதா சேர்ப்பவர்களும் உண்டு. வீட்டில் கோதுமை ஆகாதவர் இருந்தால், "வெறும் உளுந்தா, மைதா கலப்பு உண்டா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். நான் இதைக் கேட்காமல் பணம் போட்டது பிழை. ஆனாலும் வேறு பலகாரத்தை அனுப்பியது கடைக்காரர்தான்.

மறுநாள் காலை அந்த ஜிலேபி மொறுமொறுப்பெல்லாம் போய் ரப்பர் போல இழுபட்டது. பாதியைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அத்தைக்கு வீட்டிலேயே பால் பாயசம் வைத்தேன். பணம் கேட்டு மூன்று முறை எழுதினேன், இரண்டு நீலக் குறிதான் விழுந்தது. எஃகுத் தட்டில் பிஸ்தா தூவிய அந்த ஜாங்கிரிப் படம் நேற்று வரைக்கும் அவர் ஸ்டேட்டஸில் இருந்தது.